சாதகக் குறிப்பில் இல்லாத கணக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பிள்ளைகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருக்கும் அம்மாமாருக்கும் அப்பாமாருக்கும்,

முதலில் வலிகாமத்திலும் பிறகு வடமராட்சியிலுமாக முப்பது வருசத்துக்கு மேல் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். உங்களில் பலருடைய வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே வந்திருப்பேன். பிள்ளை நிறுத்திருப்பேன், வயிறு அளந்திருப்பேன், புதுசாகக் கலியாணமான வீடென்றால் என் பெரிய கொப்பியில் பெயர் பதிந்திருப்பேன். அந்தக் கொப்பியில் கலியாணத் திகதிக்குப் பக்கத்தில் பெண்ணின் வயதை எழுதுகிற ஒரு கட்டம் இருக்கும். நான் வேலைக்கு வந்த காலத்தில் அதில் 23, 25 என்று எழுதினேன். வேலையை விடுகிற காலத்தில் 33, 36 என்று எழுதினேன். அந்த எண் மாறியதைப் பற்றித்தான் இந்த மடல்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பொம்பிளைப் பிள்ளைகளின் படிப்பை நிறுத்தி இருபது வயதில் கட்டிக்கொடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. பதினெட்டு, பத்தொன்பது வயதில் பிள்ளை பெற்ற பெண்களின் துன்பத்தையும் நான்தான் பார்த்தேன். நான் பார்த்தவரையில், குடாநாட்டில் கலியாணம் பிந்தியது பெண்கள் படித்ததால் மட்டும் அல்ல. இடப்பெயர்வு, சீதன வீடு கட்டி முடியாதது, மூத்தவள் இருக்க இளையவளுக்குச் செய்யக்கூடாது என்ற ஒழுங்கு, செவ்வாய் தோசம், வெளிநாட்டு மாப்பிள்ளைக்கான காத்திருப்பு என்று எல்லாம் சேர்ந்துதான் வருசங்களை எடுத்தன. அந்த வருசங்களில் பெரும்பகுதி பெரியவர்களின் கையில் இருந்தது. ஆகவே பெரியவர்களுக்கே எழுதுகிறேன்.

சின்ன வெங்காயம் செய்பவர்களுக்கு விதையின் வயது தெரியும். போன வருச விதைக்கு ஒரு முளைதிறன், அதற்கு முந்திய வருச விதைக்கு இன்னொன்று. பெண்ணின் முட்டையும் சேமித்து வைத்த விதை மாதிரித்தான். ஒரு பெண் குழந்தை தாயின் வயிற்றில் ஐந்து மாதமாக இருக்கும்போதே அதன் சூலகங்களில் அறுபது, எழுபது இலட்சம் முட்டைகள் இருக்கின்றன. அதற்குப் பிறகு புதிதாக உண்டாவதில்லை, குறைவது மட்டும்தான். பிறக்கும்போது பத்து முதல் இருபது இலட்சம். பெரியபிள்ளையாகும்போது மூன்று, நான்கு இலட்சம். முப்பத்தேழு வயதளவில் ஏறத்தாழ 25,000. வாழ்நாள் முழுவதும் முதிர்ந்து வெளியே வருபவை நானூறு, ஐந்நூறுதான். மற்றவை தாமாகவே அழிந்துபோகின்றன.

எண்ணிக்கை குறைவதைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆனால் கூடிய சிக்கல் எண்ணிக்கையில் இல்லை, தரத்தில் இருக்கிறது. உங்கள் பிள்ளைகள் உயர்தர உயிரியலில் ஒடுக்கற்பிரிவு என்று படித்திருப்பார்கள். நிறமூர்த்தங்கள் இரட்டையிலிருந்து ஒற்றையாகப் பிரிகிற வேலை அது. பெண்ணின் முட்டை இந்த வேலையைத் தாயின் வயிற்றிலேயே தொடங்கி, பாதியில் நிறுத்திக் காத்திருக்கிறது. அந்த முட்டை வெளியே வரும் மாதத்தில்தான் வேலை திரும்பத் தொடங்கும். பதினெட்டு வயதுப் பெண்ணின் முட்டை பதினெட்டு வருசம் அந்தப் பாதி நிலையில் நின்றது. நாற்பது வயதுப் பெண்ணின் முட்டை நாற்பது வருசம் நின்றது. நிறமூர்த்தச் சோடிகளைச் சேர்த்துக் கட்டிவைத்திருக்கும் புரதக் கயிறு அவ்வளவு காலமும் ஏறத்தாழ அதே பழைய கயிறுதான். வருசம் போகப் போக அது இற்றுப்போகிறது. கட்டுத் தளர்ந்தால் பிரியும்போது ஒரு நிறமூர்த்தம் கூடிவிடும், அல்லது குறைந்துவிடும். முட்டைக்குச் சக்தி கொடுக்கும் இழைமணிகளும் களைத்துப்போகின்றன.

நிறமூர்த்தக் கணக்குப் பிழைத்த முட்டையிலிருந்து வரும் கரு பெரும்பாலும் கருப்பையில் ஒட்டாது. ஒட்டினாலும் பலது ஏழாம், எட்டாம் கிழமையில் நின்றுவிடும். ஆய்வுகூடத்தில் உண்டான ஏறத்தாழ 15,000 கருக்களைச் சோதித்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு 2014இல் வெளிவந்தது. பெண்ணுக்கு 35 வயதாக இருக்கையில் மூன்றில் ஒரு பங்கு கருக்களில் கணக்குப் பிழை. நாற்பதில் பாதிக்கு மேல். நாற்பத்திரண்டில் நான்கில் மூன்று. முப்பதில் ஆயிரத்தில் ஒருவருக்கு என்ற அளவில் இருக்கும் டவுன் நோய்க்கூட்டுச் சாத்தியம், முப்பத்தைந்தில் 350இல் ஒன்றாகவும் நாற்பதில் நூறில் ஒன்றாகவும் ஏறுவதற்குக் காரணமும் இதுதான். கருக்கலைப்புக்கு, தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே சட்டம் இடம் கொடுக்கும் நாடு இது. டவுன் நோய்க்கூடு என்ற செய்தியைக் கர்ப்பத்தின் நடுவில் கேட்கும் குடும்பத்துக்கு இங்கே வேறு வழிகள் அதிகம் இல்லை.

இங்கே கொஞ்சம் நின்று ஒன்று சொல்லவேண்டும். பெண்ணை நிலமென்றும் ஆணை விதையென்றும் சொல்லிச் சொல்லியே நாங்கள் வளர்ந்தோம். அது அரைக் கணக்கு. விதையில் ஒரு பாதி பெண்ணுடையது, வயதோடு அதிகம் பழுதாவதும் அந்தப் பாதிதான். நிலம் அவ்வளவு வேகமாகக் கெடுவதில்லை. இளம்பெண் ஒருத்தி தானம் செய்த முட்டையை நாற்பத்திரண்டு வயதுப் பெண்ணின் கருப்பையில் கருவாக வைத்தால், வெற்றி வாய்ப்பு பெரும்பாலும் முட்டை கொடுத்தவளின் வயதையே பின்பற்றுகிறது. வயது வேலை செய்யும் இடம் முட்டை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. ஆகவே முப்பத்தெட்டு வயது மருமகளின் "கருப்பை பலவீனம்" என்று கசாயம் காய்ச்சுகிற வீடுகள் இடம் மாறி மருந்து கட்டுகின்றன.

இனி ஒரு வீட்டின் கதை. நான் பார்த்த பல வீடுகளைச் சேர்த்து ஒரு வீடாகச் சொல்கிறேன், யாரும் தங்களைத் தேடவேண்டாம்.

பெண்ணுக்கு முப்பத்துமூன்று, ஆசிரியை. மாப்பிள்ளைக்கு நாற்பத்தொன்று, கனடா. அவர் தாமதித்ததற்கும் காரணம் உண்டு. இரண்டு தங்கச்சிமாருக்குச் சீதனம் சேர்த்துக் கொடுத்து, அவர்களைக் கரையேற்றிய பிறகே தன் கலியாணத்துக்குச் சம்மதித்தவர். பேச்சு நடந்தபோது பெண்ணின் தாய் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது: "ஆம்பிளைக்கு வயசு என்ன பிள்ளை, எட்டு வயசு வித்தியாசம் எங்கட காலத்தில ஒரு கதையே?" கலியாணம் நடந்தது. அவர் மூன்று கிழமை நின்று திரும்பிப்போனார். ஸ்பொன்சர் காகிதம் வர இரண்டு வருசம் சென்றது. இடையில் ஒருமுறை மூன்று கிழமை வந்துபோனார். இரண்டாம் வருசக் கடைசியில் மாமியார் ஊரில் சொல்லத் தொடங்கிவிட்டார்: "ரெண்டு வருசமாச்சு, ஒண்டையும் காணேல்லை."

அந்த இரண்டு வருசத்தை நான் வேறு விதமாக எண்ணினேன். ஒரு மாதச் சுற்றில் கரு உண்டாகக்கூடிய நாட்கள் ஆறுதான்: முட்டை வெளியேறும் நாளும் அதற்கு முந்திய ஐந்து நாட்களும். முட்டை ஒரு நாளுக்கு மேல் உயிரோடு இருக்காது, விந்து ஐந்து நாள்வரை தாக்குப்பிடிக்கும். இருபத்தெட்டு நாள் சுற்றுள்ள பெண்ணுக்கு, மாதவிலக்குத் தொடங்கியதிலிருந்து பத்தாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையில் அந்த ஆறில் பெரும்பகுதி வரும். சுற்று நீண்டால் அதுவும் பிந்தும். விமானச் சீட்டு மலிவாக இருக்கும் நாளைப் பார்த்து வந்தவருடைய மூன்று கிழமைக்குள் அந்த நாட்கள் விழுந்திருக்கலாம், விழாமலும் போயிருக்கலாம். ஆக இரண்டு வருசக் கலியாணத்தில் அவர்களுக்குக் கிடைத்தது கூடினால் இரண்டு மாத முயற்சி. நல்ல வயதிலும் ஒரு மாதத்தில் கரு உண்டாகும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். அவளை மலடி என்று சொல்ல அந்தக் கணக்கில் ஒரு வரிகூட இல்லை. ஆனால் முட்டைகளுக்கு மட்டும் இரண்டு வருசம் முழுசாகப் போயிருந்தது.

முப்பத்தைந்தரை வயதில் அவள் கனடா போய்ச் சேர்ந்தாள். முப்பத்தைந்துக்குக் கீழே என்றால், ஒன்றாக இருந்து ஒரு வருசம் முயன்ற பிறகு மருத்துவரைப் பார்க்கலாம். முப்பத்தைந்து தாண்டினால் ஆறு மாதம். நாற்பது என்றால் உடனேயே. இந்தக் காலக்கெடு கலியாண நாளிலிருந்து எண்ணுவதல்ல, சேர்ந்து வாழ்ந்து முயன்ற மாதங்களை எண்ணுவது. அவர்கள் ஆறு மாதத்தில் போயிருக்கவேண்டும். ஒன்றரை வருசம் பொறுத்தார்கள், ஊரிலிருந்து நேர்த்திகள் வைக்கப்பட்டன. பிறகு போனபோதும் அவளை மட்டுமே சோதித்தார்கள். ஏஎம்எச் என்ற இரத்தச் சோதனை குறைவாக வந்தது. அன்றிரவு அவள் எனக்குத் தொலைபேசியில் அழுதாள்.

அந்தச் சோதனையைப் பற்றி இங்கும் நிறையப் பயம் பரவியிருப்பதால் சொல்கிறேன். ஏஎம்எச், சூலகத்தில் இன்னும் எத்தனை முட்டைகள் மிச்சம் இருக்கின்றன என்பதற்கு ஒரு மதிப்பீடு. முட்டை நல்லதா கெட்டதா என்று அது சொல்லாது. பிள்ளை பெறுவதில் சிக்கல் இருந்திராத, முப்பதுக்கும் நாற்பத்துநான்குக்கும் இடைப்பட்ட 750 பெண்களை அமெரிக்காவில் தொடர்ந்து பார்த்தார்கள். 2017இல் வெளிவந்த அந்த ஆய்வில், ஏஎம்எச் குறைந்தவர்களும் மற்றவர்களைப் போலவே இயற்கையாகக் கருத்தரித்தார்கள். சோதனைக்குழாய்ச் சிகிச்சையில் ஊசி போட்டால் எத்தனை முட்டை கிடைக்கும் என்று கணிக்க அது உதவும். கலியாணத்துக்கு முன் பெண்ணுக்கு ஏஎம்எச் எடுத்துக் காட்டச் சொல்லும் ஒரு பேச்சையும் கேள்விப்பட்டேன். அப்படிக் கேட்கும் வீடு வந்தால், அந்தச் சோதனை நீங்கள் நினைப்பதைச் சொல்லாது என்று தயங்காமல் சொல்லுங்கள்.

மாப்பிள்ளையின் விந்துச் சோதனை நடந்தபோது அவளுக்கு முப்பத்தெட்டாகிவிட்டது. கலியாணமாகி ஐந்து வருசம். சோதனைகளிலேயே மலிவானதும் வலியில்லாததும் அதுதான், அதைத்தான் கடைசியில் செய்தார்கள். எண்ணிக்கை எல்லைக்குப் பக்கத்தில் இருந்தது, அசைவு குறைவாக இருந்தது. உலக சுகாதார நிறுவனம் ஒரு மில்லிலீற்றருக்கு 160 இலட்சம் என்றும், அசைபவை நூற்றுக்கு 42 என்றும் கீழெல்லை வைத்திருக்கிறது. அதற்குக் கீழே வந்தால் பிள்ளை கிடையாது என்று அர்த்தமில்லை, காலம் பிடிக்கலாம் என்றுதான் அர்த்தம். ஒரு சோதனையோடு முடிவு கட்டவும் கூடாது. விந்து ஒன்று உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதம் செல்லும். கடும் காய்ச்சல் வந்துபோனால் அதன் பாதிப்பு இரண்டு, மூன்று மாதம் கழித்தும் தெரியும். புகைபிடித்தலை விட்டால் அதன் பலனும் அவ்வளவு காலம் கழித்தே தெரியும். ஆகவே மூன்று மாதம் விட்டு இரண்டாம் முறை பார்க்கவேண்டும். மாதிரி கொடுப்பதற்கு முன் இரண்டு நாளுக்குக் குறையாமலும் ஏழு நாளுக்கு மிஞ்சாமலும் விலகியிருக்கவேண்டும், ஒரு மணித்தியாலத்துக்குள் அது ஆய்வுகூடத்துக்குப் போய்ச் சேரவேண்டும். உடற்பயிற்சி நிலையங்களில் தசைக்காக ஆண் ஓமோன் ஊசி போடுகிற பொடியன்கள் இப்போது இங்கும் இருக்கிறார்கள். அந்த ஊசி விதைகளில் விந்து உற்பத்தியையே நிறுத்திவிடும். அதையும் வைத்தியரிடம் மறைக்கவேண்டாம் என்று சொல்லுங்கள்.

"ஆம்பிளைக்கு வயசு என்ன" என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். ஆணுக்குக் கதவு ஒரேயடியாகச் சாத்தப்படுவதில்லை, அது உண்மை. ஆனால் அவனுடைய விந்து சேமித்து வைத்த விதை அல்ல, நாளும் எடுக்கப்படும் பிரதி. விதைகளில் இருக்கும் மூல கலங்கள் வருசத்துக்கு இருபது தடவைக்கு மேல் தம்மைப் பிரதி எடுக்கின்றன. பிரதியிலிருந்து பிரதி, அதிலிருந்து இன்னொரு பிரதி. ஒவ்வொரு முறையும் எழுத்துப்பிழை ஒன்று சேரலாம். ஐஸ்லாந்தில் 78 குடும்பங்களின் மரபணுவை முழுசாக வாசித்துப் பார்த்து 2012இல் வெளியிட்டார்கள். தகப்பனுக்கு ஒரு வயது கூடினால் பிள்ளைக்குப் போகும் புதிய பிழைகள் ஏறத்தாழ இரண்டு கூடின. இருபது வயதுத் தகப்பனிடமிருந்து இருபத்தைந்து என்றால், நாற்பது வயதுத் தகப்பனிடமிருந்து அறுபத்தைந்து. அவற்றில் பெரும்பாலானவை ஒன்றும் செய்யாது. ஆனால் ஒருவகைக் குள்ளத்தன்மை போன்ற அரிய நோய்கள் வயதான தகப்பன்மாரின் பிள்ளைகளிடம் கூடுதலாக வருவதற்கு இதுவே வழி. நாற்பதுக்குப் பிறகு விந்தின் அளவும் அசைவும் குறைகின்றன, மனைவி இளையவளாக இருந்தாலும் கரு உண்டாகக் கூடக் காலம் பிடிக்கிறது, கருச்சிதைவும் சற்றுக் கூடுகிறது. பெண்ணின் வயதோடு ஒப்பிட்டால் இது மெதுவான சரிவு. இரண்டும் ஒரே வீட்டில் சேரும்போதுதான் சுமை. முப்பத்தாறு வயதுப் பெண்ணுக்கு இருபத்தெட்டு வயது மாப்பிள்ளையை நாங்கள் பேசுவதில்லையே, நாற்பத்துநான்கு வயதுக்காரரைத்தானே பேசுகிறோம்.

வயது பெண் பக்கத்தில் எவ்வளவு எடுக்கிறது என்பதைத் தனியே பிரித்துப் பார்த்த ஆய்வு ஒன்று பிரான்சில் நடந்து 1982இல் வெளிவந்தது. விந்தே இல்லாத கணவன்மாரின் மனைவிமார் 2,193 பேருக்குத் தானமாகப் பெற்ற விந்தைச் செலுத்திப் பார்த்தார்கள். ஆகவே ஆணின் வயதோ, தம்பதியர் எத்தனை முறை சேர்ந்தார்கள் என்பதோ கணக்கைக் குழப்பவில்லை. பன்னிரண்டு சுற்றுக்குப் பிறகு, முப்பதுக்கு உட்பட்டவர்களில் நூற்றுக்கு 73, 74 பேருக்குக் கரு உண்டானது. 31இலிருந்து 35வரை 61. அதற்கு மேல் 54. பாருங்கள், முப்பத்தைந்தில் யாரும் பள்ளத்தில் விழவில்லை. பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. முப்பத்தாறு வயது மகளிடம் "இனி எங்க" என்று சொல்லும் வாய்க்கும் இந்த எண்தான் பதில். கூர்மையான சரிவு நாற்பதை நெருங்கும்போதுதான் தொடங்குகிறது.

கதைக்கு வருகிறேன். முப்பத்தெட்டில் அவளுக்குத் தானாகவே ஒரு கரு தங்கியது, ஒன்பதாம் கிழமையில் இதயத்துடிப்பு நின்றது. பாரம் தூக்கினாயா, பப்பாளி தின்றாயா, படி ஏறினாயா என்று எல்லாரும் அவளைக் கேட்டார்கள். அவள் வயதில் ஆரம்பத்தில் நின்றுபோகும் கருக்களில் பெரும்பகுதி, முட்டை வெளியேறிய நாளிலேயே கணக்குப் பிழைத்தவை. படி ஏறியதற்கும் அதற்கும் தொடர்பில்லை. முப்பத்தொன்பதில் சோதனைக்குழாய்ச் சிகிச்சைக்குப் போனார்கள். பத்து நாளுக்கு மேல் ஊசி போட்டு ஏழு முட்டை எடுத்தார்கள். முதிர்ந்தவை ஐந்து. கருவானவை நான்கு. ஐந்தாம் நாள்வரை வளர்ந்தவை இரண்டு. அந்த வயதில் அந்த இரண்டில் ஒன்று நிறமூர்த்தம் பிழைத்ததாக இருக்கும் என்று எதிர்பார்க்கவேண்டும்.

"காசு இருந்தா இப்ப எல்லாம் செய்யலாம்தானே" என்று உங்களில் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். அடைத்த குழாய்க்கும் குறைந்த விந்துக்கும் அந்தச் சிகிச்சை நல்ல வழி. முட்டையின் வயதை அது திருப்பாது, கிடைக்கும் முட்டையைத்தான் அதுவும் பயன்படுத்துகிறது. பிரான்சில் 2004இல் கணக்குப் பார்த்துச் சொன்னார்கள்: முப்பத்தைந்திலிருந்து நாற்பதுக்குத் தள்ளிப்போட்டதால் இழந்த பிறப்புகளில் பத்தில் மூன்றைக்கூட அந்தச் சிகிச்சை மீட்டுத் தராது. இளவயதில் முட்டையை எடுத்து உறையவைத்தால் நேரத்தை நிறுத்தலாம். ஆனால் ஒரு பிள்ளைக்கு ஓரளவு நம்பிக்கை வைக்கவே பதினைந்து, இருபது முட்டை வேண்டும், அதுவும் முப்பத்தைந்துக்கு முன் எடுத்தது. எங்கள் வீடுகளில் எத்தனை பேருக்கு அது எட்டும்?

நெதர்லாந்தில் 2015இல் செய்த ஒரு கணிப்பை மட்டும் குறித்து வையுங்கள். சிகிச்சை இல்லாமல் ஒரு பிள்ளை கிடைக்க நூற்றுக்குத் தொண்ணூறு வாய்ப்பு வேண்டுமென்றால், பெண் முப்பத்திரண்டு வயதுக்குள் முயற்சியைத் தொடங்கவேண்டும். இரண்டு பிள்ளைக்கு இருபத்தேழு. நூற்றுக்கு எழுபத்தைந்து போதுமென்றால் ஒரு பிள்ளைக்கு முப்பத்தேழு, இரண்டுக்கு முப்பத்துநான்கு. "ஆணொன்றும் பெண்ணொன்றும்" என்று வாழ்த்துகிறோம். அந்த வாழ்த்துக்கு உரிய வயது என்னவென்று அப்பாமார் யாரும் என்னிடம் கேட்டதில்லை.

அடுத்த முறை தரகர் குறிப்பு கொண்டுவரும்போது, பொருத்தம் பார்த்த தாளின் பின்பக்கத்தில் மூன்று விசயம் எழுதுங்கள். இரண்டு பேரும் ஒரே வீட்டில் வாழத் தொடங்கும் நாளில் பெண்ணுக்கு என்ன வயது. அன்று ஆணுக்கு என்ன வயது. கலியாணத்துக்கும் அந்த நாளுக்கும் இடையில் எத்தனை மாதம். மூன்றாவது எண் பெரிதாக இருந்தால், காகித வேலையை முதலில் தொடங்கிப் பதிவுத் திருமணத்தை முன்னே வையுங்கள், மண்டபத்தைப் பிறகு பாருங்கள். சீதன வீட்டின் மேல்மாடி நிற்கட்டும். மகன் தங்கச்சிமாருக்காக உழைக்கிறான் என்றால் அவனுடைய வயதும் போகிறது என்பதை அந்தத் தங்கச்சிமாரையும் இருத்தி வைத்துச் சொல்லுங்கள்.

கலியாணமான பின் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் இரண்டு பேரையும் அனுப்புங்கள். கரு உண்டாகும் முன்பே பெண் போலிக் அமிலம் தொடங்கவேண்டும். காலக்கெடு தாண்டினால் வைத்தியரிடம் போகும்போதும் இரண்டு பேரும் ஒரே நாளில் போகவேண்டும். நயினாதீவு அம்மனுக்கு நேர்த்தி வைக்கவேண்டுமா, வையுங்கள். நானும் வைத்திருக்கிறேன். குறிகட்டுவானில் படகு ஏறும் அதே மாதத்தில் அவனுடைய விந்துச் சோதனையும் முடிந்திருக்கட்டும்.

அந்தப் பெண்ணுக்கு முதலில் வைத்த கரு ஒட்டவில்லை. இரண்டாவதை இந்த மாதக் கடைசியில் வைக்கிறார்கள். நேற்று இரவு பேசினாள். இந்த முறை மாமியாருக்கு இன்னும் சொல்லவில்லையாம், சொல்வதா விடுவதா என்று என்னைக் கேட்டாள். மாமியார் இந்த மடலை வாசித்த பிறகு சொல்லு என்றேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர்,
வடமராட்சி